தந்தையின் பாதி மூடிக்கொள்ளும் பூச்சி

கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அங்கிருந்து தெற்கே உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று இறங்கினால் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். பந்தல் போட்டவர்கள் எல்லாரும் மாவுப்பூச்சியை அறிவார்கள். கொடியின் உரிந்த பட்டைக்கு அடியில், கணுக்களில், குலைக் காம்பில் வெள்ளை மெழுகுத் தூளைப் போர்த்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஒட்டியிருக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைச் சொட்டும். அதைத் தேடி எறும்பு வரும், அதன்மேல் கரும்பூசணம் படரும், குலை விலை போகாது.

இந்தியத் திராட்சைத் தோட்டங்களில் அதிகம் காணப்படுவது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. அறிவியலில் அதன் பெயர் மாக்கோனெல்லிகாக்கஸ் ஹிர்சூட்டஸ். காப்பியையும் எலுமிச்சை வகை மரங்களையும் தாக்குபவை அதன் உறவுக்காரர்களான பிளானோகாக்கஸ் இனங்கள். அவற்றில் சிட்ரி என்ற இனம் இந்த அத்தியாயத்தில் அடிக்கடி வரும்.

பட்டையை உரித்தால் நம் கண்ணில் படும் பெரிய பூச்சிகள் எல்லாம் பெண்கள். அவற்றுக்குச் சிறகு கிடையாது. வளர்ந்த ஆண் வேறொரு பிராணியோ என்று எண்ணும்படி இருக்கும். கொசுவைவிடச் சிறிய உடல், ஒரு சோடிச் சிறகு, உண்ண வாய் கிடையாது. சில நாட்கள் மட்டும் உயிரோடிருந்து, பெண்ணைத் தேடிக் கூடிவிட்டுச் செத்துப்போகும். இவ்வளவு வேறுபட்ட இரண்டு உடல்களும் ஒரே மாதிரியான கருவிலிருந்துதான் வருகின்றன. மனிதரில் ஆணுக்கு ஒய் குரோமோசோம் உண்டு, பெண்ணுக்குக் கிடையாது. மாவுப்பூச்சிக்கு அப்படிப் பாலினத்தை முடிவுசெய்யும் குரோமோசோமே இல்லை. ஆணுக்கும் பத்து, பெண்ணுக்கும் பத்து. ஐந்து தாயிடமிருந்து, ஐந்து தந்தையிடமிருந்து. டி.என்.ஏ. எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாலும் இது மகனா மகளா என்று சொல்ல முடியாது.

வேறுபாடு ஒன்றே ஒன்று. மகளின் செல்களில் பத்துக் குரோமோசோம்களும் வேலை செய்கின்றன. மகனின் செல்களில் தந்தை தந்த ஐந்தும் இறுகிச் சுருண்டு மௌனமாகிவிடுகின்றன. ஓர் எழுத்துகூட மாறாமல் மரபணுத் தொகுதியில் சரிபாதி அணைந்துபோகிறது. எழுத்தைத் தொடாமல் மரபணுவை எப்படி அணைக்க முடியும் என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய, இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

எக்ஸ் கதிர் காட்டிய உண்மை

ஆண் கருவைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் ஓர் ஓரமாக அடர்த்தியான ஒரு புள்ளி தெரியும். அது ஐந்து குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்ட திரள். பெண் கருவில் அது இருக்காது. 1920களிலேயே ஃபிரான்ஸ் ஷ்ரேடர் இந்தப் பூச்சிகளின் குரோமோசோம்களை ஆராயத் தொடங்கிவிட்டார். ஆனால் இறுகிய ஐந்தும் யார் தந்தவை, அவை உண்மையிலேயே வேலை செய்யாமல் இருக்கின்றனவா என்பவை சாயத்தால் மட்டும் தீராத கேள்விகள்.

1961இல் கலிபோர்னியாவில் ஸ்பென்சர் பிரவுனும் வால்டர் நெல்சன்-ரீஸும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். எக்ஸ் கதிர் குரோமோசோமை உடைக்கும். போதிய அளவு உடைந்த குரோமோசோம் கருவில் வேலை செய்தால் கரு சாகும். ஆண் பூச்சிகளுக்குக் கதிர் கொடுத்து, கதிர் படாத பெண்களோடு இணைத்தார்கள். மகள்கள் செத்தன. மகன்கள் பிழைத்தன. அடுத்து, பெண்களுக்குக் கதிர் கொடுத்துக் கதிர் படாத ஆண்களோடு இணைத்தபோது மகன்களும் தப்பவில்லை. தந்தையின் உடைந்த குரோமோசோம்கள் மகளைக் கொல்கின்றன, மகனைக் கொல்வதில்லை என்றால், மகனின் உடலில் அவை பயன்பாட்டில் இல்லை என்றுதான் பொருள். இறுகிய ஐந்தும் தந்தையுடையவை என்பதும் அதே சோதனையில் உறுதியானது. சிதைந்த துண்டுகள் அந்த அடர்ந்த திரளுக்குள்தான் காணப்பட்டன.

இனி இந்தக் குரோமோசோம்கள் தலைமுறைகள் வழியே போகும் பாதையைப் பார்ப்போம். ஓர் ஆண் பூச்சியிடம் தாய் தந்த திறந்த ஐந்தும், தந்தை தந்த மூடிய ஐந்தும் இருக்கின்றன. அது விந்தணு உண்டாக்கும்போது மூடிய ஐந்தையும் கழித்துவிடுகிறது. திறந்த ஐந்து மட்டுமே விந்தணுவில் ஏறும். நேற்றுவரை அந்த ஆணின் உடல் முழுவதையும் நடத்திவந்த குரோமோசோம்கள் இவை. விந்தணு சேர்ந்த கரு மகளானால் இவை திறந்தே இருக்கும். மகனானால், அதே எழுத்துகளோடு இறுகி மூடிக்கொள்ளும். மகள் வழியாகப் போனவை அவளுடைய முட்டையில் ஏறிப் பேரனை அடைந்தால், அங்கே அவை தாய் தந்தவை என்பதால் மறுபடி திறந்திருக்கும். பேரனின் மகனிடம் போனால் மூடும். வேலை செய்வதும் செய்யாததும் எழுத்தைப் பொறுத்ததல்ல, எந்தப் பெற்றோர் வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது. வந்த வழியைக் குரோமோசோம் இப்படி நினைவில் வைத்திருப்பதை மரபியலில் பதிவு என்கிறார்கள்.

ஒரே பூச்சியின் உடலுக்குள்ளும் இதற்குச் சான்று உண்டு. ஆணின் குடல் போன்ற சில திசுக்களில் மூடிய ஐந்தும் பின்னர் தளர்ந்து திறந்துகொள்வதை உசி நூர் 1967இல் விவரித்தார். எழுத்துகள் அழிந்தோ கெட்டோ போயிருந்தால் இப்படித் திறக்க வழியில்லை. அவை அப்படியே இருந்தன. அவற்றின் மேலிருந்த நிலைதான் மாறியது.

வால்களில் ஏறும் குறி

அந்த நிலை என்பது என்ன? டி.என்.ஏ. செல்லுக்குள் வெறும் இழையாகக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருளையாகின்றன. நூற்கண்டில் நூல் சுற்றுவதுபோல, 147 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. அந்த உருளையை ஏறத்தாழ இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. இதுதான் நியூக்ளியோசோம். சிறிது இடைவெளி விட்டு அடுத்த நியூக்ளியோசோம், பிறகு அடுத்தது என்று குரோமோசோம் முழுவதும் தொடரும். ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரபணு பேசுவதா, மௌனமாவதா என்பதில் பெரும்பகுதி இந்த வால்களில் எழுதப்படுகிறது.

வாலில் லைசின் என்ற அமினோ அமிலம் பல இடங்களில் வரும். அதற்கு நேர்மின்னூட்டம். டி.என்.ஏ.க்கு எதிர்மின்னூட்டம். அதனால் வால் டி.என்.ஏ.யை இழுத்துப் பிடிக்கிறது. லைசினில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டினால் நேர்மின்னூட்டம் நீங்கும், பிடி தளரும், மரபணுவைப் படிக்கும் நொதிகள் உள்ளே வர இடம் கிடைக்கும். அசிட்டைலைக் கழற்றிவிட்டால் பிடி மீண்டும் இறுகும். மாவுப்பூச்சி மகனில் முதலில் கவனிக்கத்தக்கது இதுதான். தந்தையின் ஐந்து குரோமோசோம்களில் எச்4 என்ற ஹிஸ்டோனின் அசிட்டைல் குறைந்திருக்கிறது. தாயின் ஐந்திலும் அது நிறைய இருக்கிறது.

ஆனால் அசிட்டைலைக் கழற்றியதோடு வேலை முடிவதில்லை. அசிட்டைல் அடிக்கடி ஏறும், இறங்கும். ஒரு பூச்சியின் வாழ்நாள் முழுவதும், எத்தனையோ செல் பிளவுகளைக் கடந்து நிற்கும் மௌனத்துக்கு அதைவிட உறுதியான குறி வேண்டும். எச்3 என்ற ஹிஸ்டோன் வாலின் ஒன்பதாவது இடத்தில் இருக்கும் லைசினில் மூன்று மெத்தில் குழுக்கள் ஏறுவது அப்படிப்பட்ட குறி. மெத்தில் மின்னூட்டத்தை மாற்றுவதில்லை. ஆகவே அது தானாக எதையும் இறுக்காது. அது ஒரு புரதத்தை அழைக்கிறது. எச்.பி.1 என்னும் அந்தப் புரதத்தின் ஒரு முனையில், மும்மெத்தில் ஏறிய ஒன்பதாவது லைசின் நன்றாகப் பொருந்தும் ஒரு பள்ளம் உண்டு. எச்.பி.1 அங்கே அமரும். இரண்டு எச்.பி.1கள் ஒன்றோடொன்று பிணைந்து பக்கத்து நியூக்ளியோசோம்களை நெருக்கி இழுக்கும்.

இந்தக் குறியை எழுதும் நொதியை எலியிலும் மனிதரிலும் 2000இல் வியன்னாவில் தாமஸ் யேனுவைனின் குழு அடையாளம் கண்டது. அடுத்த ஆண்டே எச்.பி.1 அந்தக் குறியில் அமர்வது தெரியவந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மௌனம் எப்படிப் பரவுகிறது, எப்படி நிலைக்கிறது என்பது விளங்கும். அமர்ந்த எச்.பி.1 குறி எழுதும் நொதியைத் தன்னருகே வரவழைக்கிறது. வந்த நொதி பக்கத்து நியூக்ளியோசோமின் வாலிலும் அதே குறியை எழுதுகிறது. அங்கே இன்னொரு எச்.பி.1 அமர்கிறது. குறி வாசிப்பவரை அழைக்கிறது, வாசிப்பவர் எழுதுபவரை அழைக்கிறார். எங்கோ ஓரிடத்தில் தொடங்கியது குரோமோசோம் நெடுகப் பரவிவிடுகிறது.

செல் பிளக்கும்போது டி.என்.ஏ. இரட்டிக்கிறது. பழைய நியூக்ளியோசோம்கள் இரண்டு நகல்களுக்கும் பிரிந்து போகின்றன. இடைவெளிகளில் குறியில்லாத புதிய ஹிஸ்டோன்கள் வந்து நிரம்புகின்றன. ஒவ்வொரு நகலிலும் குறி பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் மிச்சமிருக்கும் பாதி போதும். அதில் அமரும் எச்.பி.1 எழுதும் நொதியை அழைக்க, காலியிடங்கள் மீண்டும் நிரம்பும். டி.என்.ஏ. எழுத்தை நகலெடுப்பதுபோல ஒவ்வோர் இடத்தையும் பிசகாமல் நகலெடுக்க வேண்டியதில்லை. பரப்பில் போதிய அளவு குறி இருந்தால் அது தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும்.

நம் பூச்சியில் இது நடக்கிறதா என்று சோதித்தார்கள். தந்தையின் இறுகிய குரோமோசோம்களில் ஒன்பதாவது லைசினின் மெத்தில் குறி குவிந்திருப்பதை 2002இல் காட்டினார்கள். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. இறுகிய பிறகு குறி ஏறியிருக்கலாம். அதைப் பிரித்தறிய ஒன்றைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இத்தாலியின் விட்டர்போ நகரில் சில்வியா போன்ஜியோர்னியும் ஜார்ஜோ பிரான்டெராவும் தங்கள் குழுவோடு அதைச் செய்து 2007இல் வெளியிட்டார்கள். பிளானோகாக்கஸ் சிட்ரி கருக்களில், எச்.பி.1 வகைப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவை ஆர்.என்.ஏ. இடையீட்டால் முடக்கினார்கள். ஆண் கருவின் அடர்ந்த திரள் தளர்ந்து மறைந்தது. அதோடு எச்3 ஒன்பதாவது லைசினின் மும்மெத்திலும், எச்4 இருபதாவது லைசினின் மும்மெத்திலும் மங்கிப்போயின.

இந்த முடிவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எச்.பி.1 வாசிப்பவர் மட்டுமே என்றால், அதை எடுத்தாலும் எழுதப்பட்ட குறி அப்படியே இருக்க வேண்டும். வாசிப்பவரை எடுத்ததும் குறியும் போனது என்றால், குறியும் அதை வாசிப்பதும் எழுதுவதும் ஒரே வளையமாக ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்று பொருள்.

இப்படிப்பட்ட சோதனைகள் பிசகக்கூடிய இடமும் தெரிந்திருக்க வேண்டும். வால் குறியைக் காண எதிர்ப்புரதத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது குறியில் ஒட்டி ஒளிரும். ஆனால் எச்3 வாலில் ஒன்பதாவது லைசினைச் சுற்றியுள்ள அமினோ அமிலங்களும், இருபத்தேழாவது லைசினைச் சுற்றியுள்ளவையும் ஏறத்தாழ ஒரே வரிசை. அவசரமாகத் தயாரித்த எதிர்ப்புரதம் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும். இருபத்தேழாவது இடத்தின் மெத்தில் வேறொரு மௌனப் பாதையைச் சேர்ந்தது என்பதால் முடிவே தவறாகும். இதைத் தவிர்க்க, குறி ஏறிய சிறு வால் துண்டுகளைத் தனித்தனியே செயற்கையாகச் செய்து எதிர்ப்புரதத்தோடு முன்கூட்டியே கலந்து பார்ப்பார்கள். ஒன்பதாவது இடத்தின் துண்டு ஒளியை அணைக்க வேண்டும், இருபத்தேழாவது இடத்தின் துண்டு அணைக்கக் கூடாது. அப்போதுதான் அந்த ஒளியை நம்பலாம்.

எழுத்தின் மேலேயே ஒரு குறி

இரண்டாவது வகைக் குறி புரதத்தில் ஏறாமல் டி.என்.ஏ.யிலேயே ஏறுகிறது. நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினின் ஐந்தாவது கரியணுவில் ஒரு மெத்தில் ஒட்டுகிறது. சைட்டோசின் சைட்டோசினாகவே இருக்கும், எதிரிழையில் குவானினோடு வழக்கம்போல இணையும். புரதம் தயாரிக்கும் செய்தி மாறாது. ஆனால் இழையின் வெளிப்பக்கத்தில் மெத்தில் துருத்திக்கொண்டிருப்பதால், மரபணுவைத் தொடக்கிவைக்கும் புரதங்கள் சில அங்கே ஒட்ட முடியாது. மெத்திலை அடையாளம் கண்டு ஒட்டும் வேறு புரதங்கள் வந்து, அசிட்டைல் கழற்றும் நொதிகளைக் கூட்டி வரும். இரண்டு குறிகளும் இப்படிக் கைகோத்துக்கொள்கின்றன.

பாலூட்டிகளில் இந்த மெத்தில் பெரும்பாலும் சி-க்கு அடுத்து ஜி வரும் இடங்களில் ஏறுகிறது. சி-ஜி என்ற சோடியை எதிரிழையில் எதிர்த்திசையில் படித்தாலும் சி-ஜி என்றே இருக்கும். ஆகவே இரண்டு இழையிலும் நேருக்கு நேராகக் குறி இருக்கும். டி.என்.ஏ. இரட்டித்தவுடன் பழைய இழையில் மெத்தில் இருக்கும், புதிய இழையில் இருக்காது. இந்தப் பாதிக் குறியைத் தேடிப் பிடித்து மறுபாதியை நிரப்பும் நொதி ஒன்று உண்டு. ஹிஸ்டோன் குறி பரப்பளவில் நினைவு வைக்கிறது. மெத்தில் ஒவ்வோர் எழுத்திலும் நினைவு வைக்கிறது.

இதை அளக்கும் முறை எளிமையானது. பைசல்ஃபைட் என்ற உப்பு, மெத்தில் இல்லாத சைட்டோசினை யுராசிலாக மாற்றும். வரிசையைப் படிக்கும்போது அது டி என்று தெரியும். மெத்தில் ஏறிய சைட்டோசின் மாறாமல் சி என்றே தெரியும். ஒரு துண்டில் ஏ-சி-டி-சி-ஜி என்று இருந்து, நான்காவது எழுத்தில் மட்டும் மெத்தில் இருந்தால், சோதனைக்குப் பின் ஏ-டி-டி-சி-ஜி என்று வரும். உப்பு சரிவர வேலை செய்யாவிட்டால் மெத்தில் இல்லாத சி-யும் சி-யாகவே நின்று, இல்லாத குறியை இருப்பதாகக் காட்டும். அதனால் மெத்திலே இல்லாத வைரஸ் டி.என்.ஏ.யைக் கொஞ்சம் கலந்து அனுப்புவார்கள். அதில் சி மிஞ்சினால் அந்தச் சோதனை பிசகிவிட்டது.

மாவுப்பூச்சியில் இந்தக் குறியைத் தேடியதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எச். சரத் சந்திரா பிளானோகாக்கஸ் பூச்சிகளை வைத்து நெடுங்காலம் ஆய்வு செய்தார். 1982இல் அவருடைய குழு இவற்றின் டி.என்.ஏ.யில் மெத்தில் ஏறிய எழுத்துகள் இருப்பதைக் காட்டியது. வாணி பிரம்மச்சாரி, சஞ்சீவ் கோஸ்லா ஆகியோர் அவரோடு சேர்ந்து, ஆண் பூச்சியின் குரோமோசோமில் ஒரு பகுதி டி.என்.ஏ.யை வெட்டும் நொதிக்கே மசியாத அளவு இறுகியிருப்பதை 1996இல் வெளியிட்டார்கள்.

மெத்தில்தான் மௌனம் என்றால் தந்தையின் இறுகிய ஐந்திலும் அது அதிகமாக இருக்க வேண்டும். விட்டர்போ குழு 1999இல் பார்த்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. சிட்ரி இனத்தில் தந்தை வழி வந்த குரோமோசோம்களில்தான் மெத்தில் குறைவு. அதுவும் மகனில் மட்டுமல்ல, அவை திறந்து வேலை செய்யும் மகளிலும் குறைவு. ஆகவே இந்தப் பூச்சியில் மெத்தில் அளவு, குரோமோசோம் எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறதே தவிர, அது மௌனமாக இருக்கிறதா என்பதைக் காட்டவில்லை. மௌனமாக்கும் வேலையை ஹிஸ்டோன் வால்களும் எச்.பி.1-உம் செய்துவிடுகின்றன.

மெத்தில் எங்கே மௌனத்தோடு சேர்கிறது என்பதைப் பாலூட்டிகளில் காணலாம். பெண் பாலூட்டியின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று மௌனமாகிறது. சரத் சந்திராவும் ஸ்பென்சர் பிரவுனும் 1975இல் ஒரு கட்டுரையில் மாவுப்பூச்சியின் பதிவையும் பாலூட்டியின் எக்ஸ் மௌனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே 1975இல் ராபின் ஹாலிடே, ஜான் பியூ இருவரும், தனியே ஆர்தர் ரிக்ஸும், செல் பிளவுகளைத் தாண்டி மௌனத்தை நினைவில் வைப்பது டி.என்.ஏ. மெத்திலாக இருக்கலாம் என்று எழுதினார்கள்.

1981இல் மோகன்தாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதற்கு நேரடிச் சோதனை செய்தார்கள். மனிதரின் மௌன எக்ஸைச் சுமந்த செல்களுக்கு அசாசைட்டிடின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது மெத்தில் நிரப்பும் நொதியைச் சிக்க வைத்து முடக்கும். செல்கள் பிளந்தபோது மெத்தில் நிரம்பாமல் கரைந்தது. சில செல்களில் எச்.பி.ஆர்.டி. என்ற மரபணு மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. ஆனால் 1987இல் எலிக் கருவில் காலவரிசையைப் பார்த்தபோது, அதே மரபணு முதலில் மௌனமாகிறது, மெத்தில் பிறகுதான் ஏறுகிறது என்று தெரிந்தது. பாலூட்டியின் எக்ஸில் மெத்தில் மௌனத்தைத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே மூடியதைப் பூட்டிவைக்கிறது. மாவுப்பூச்சி அந்தப் பூட்டு இல்லாமலேயே ஒரு தலைமுறையின் வாழ்நாளைக் கடந்துவிடுகிறது.

எழுத்தை மாற்றாத குறி என்று சொன்னதற்கு ஓர் எல்லையும் உண்டு. மெத்தில் ஏறிய சைட்டோசின் எப்போதாவது தானாக அமினோ குழுவை இழந்தால் தைமினாகிவிடும். பழுதுபார்க்கும் நொதிகள் அதைச் சில வேளை தவறவிடும். ஒரு வாழ்நாளில் இது பெரிதில்லை. பரிணாமத்தின் நீண்ட காலத்தில், மெத்தில் ஏறும் இடங்களில் சி-ஜி சோடிகள் தேய்ந்து குறைந்துவிடுகின்றன. மனித டி.என்.ஏ.யில் சி-ஜி எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மௌனம் பந்தலில் செய்யும் வேலை

தந்தையின் பாதி முற்றிலும் மௌனமா? எடின்பரோ பல்கலைக்கழகத்தில் லாரா ராஸின் குழு, பிளானோகாக்கஸ் சிட்ரியையும் அதன் உறவான ஃபைக்கஸ் இனத்தையும் கலந்து, எந்த எழுத்து யாருடையது என்று பிரித்தறியும்படி கலப்பு ஆண்களை உண்டாக்கி அளந்தது. 2021இல் வந்த முடிவின்படி, பெரும்பாலான மரபணுக்களில் வேலை செய்வது தாயின் நகல்தான். ஆனால் சில மரபணுக்களில் தந்தையின் நகலும் கேட்கிறது. கதிர் பட்ட தந்தையின் மகன்கள் உயிர் பிழைத்தாலும் அவற்றில் பல மலடாக இருந்ததை 1960களிலேயே கண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. மூடிய பாதி முழுக்கப் பயனற்றதல்ல, சில திசுக்களில் சில மரபணுக்கள் தேவைப்படுகின்றன.

பூச்சிக்கொல்லியைப் பொறுத்தவரை இந்த மௌனம் ஒரு கணக்கை மாற்றுகிறது. மருந்தைத் தாங்கும் எழுத்து மாற்றம் ஒன்று, இரண்டு நகலிலும் இருந்தால்தான் பலனளிக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பூச்சியில் அது அரிதாக இருக்கும்வரை, மருந்தைத் தாங்காத மற்ற நகலின் பின்னால் மறைந்து கிடக்கும். மாவுப்பூச்சியில் ஒரு தாயிடம் அது ஒரு நகலில் இருந்தால் போதும். அவளுடைய மகன்களில் சுமார் பாதி அதைப் பெறும். அந்த மகன்களில் தந்தையின் நகல் மூடியிருப்பதால் அது முழுப் பலத்தோடு வெளிப்படும். மருந்து அடித்ததும் அவை பிழைக்கும். பிழைத்தவை விந்தணுவில் தாய் தந்த ஐந்தை மட்டும் ஏற்றுவதால், அவற்றின் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அந்த மாற்றம் போகும். மறைந்து கிடக்க வேண்டியது தலைமுறைக்குத் தலைமுறை வெளியே வந்து தேர்வாகிறது.

இது வெறும் கணக்கல்ல. காப்பிக் காய்த்துளைப்பான் வண்டிலும் ஆணின் தந்தைவழிக் குரோமோசோம்கள் இறுகி மௌனமாகின்றன. நியூ கலிடோனியாத் தீவில் அந்த வண்டு எண்டோசல்ஃபானைத் தாங்கத் தொடங்கியதை ஆராய்ந்தவர்கள், தாங்கும் திறன் பரவ இந்த மௌனம் உதவுகிறது என்று 1995இல் காட்டினார்கள். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் வகை மாற்றி அடிப்பதும், பட்டையைத் தேய்த்துப் பூச்சியை வெளிப்படுத்துவதும், எறும்பைத் தடுத்து, மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டை விடுவதும் இந்தப் பூச்சிக்கு மற்றவற்றைவிட அதிகமாகப் பொருந்துவதற்கு இது ஒரு காரணம்.

திராட்சையின் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியின் மரபணுத் தொகுதியை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வாணி பிரம்மச்சாரியின் குழு படித்து வெளியிட்டிருக்கிறது. குறி எழுதும் நொதிகளுக்கும் அதை வாசிக்கும் புரதங்களுக்கும் உரிய மரபணுக்களை அந்த எழுத்துகளில் தேட முடிகிறது. கருவாகும் அந்தச் சில மணி நேரத்தில் தந்தையின் ஐந்தை முட்டை எதை வைத்து அடையாளம் காண்கிறது, ஒரு கருவில் மூடவும் இன்னொரு கருவில் திறந்தே விடவும் எது முடிவுசெய்கிறது என்பதுதான் இந்தத் துறையில் இன்னும் திறந்திருக்கும் கேள்வி. வயதான தாய், தாமதமாக இணைந்த தாய் கூடுதலாக மகன்களைப் பெறுகிறாள் என்பதால், முடிவில் முட்டைக்கு ஒரு பங்கு உண்டு என்பது தெரிகிறது. அந்த விடையை எழுத்துகளின் வரிசை மட்டும் தராது. ஒரே வரிசையுள்ள கருக்களை மணிக்கு மணி எடுத்து, வால் குறிகள் முதலில் எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் ஏறுகின்றன என்று பார்க்க வேண்டும்.